நாளிதழின் ராசியும் ஜாதகத்தின் ராசியும்

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் அதிகாலை ரயிலில் ஒரே இருக்கைவரிசையில் தமிழ், ஆங்கிலம், கன்னடம் என மூன்று மொழி நாளிதழ்கள் கைமாறுவது கோலார் தங்கவயலுக்கு வியப்பான காட்சியன்று. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, வேலைக்காக நாள்தோறும் தலைநகருக்குச் சென்று திரும்புவதே அவ்வூரின் வாழ்முறையாகிவிட்டது. பயண நேரம் நீண்டது. நாளிதழின் ஒரு மூலையும் படிக்கப்படாமல் விடப்படுவதில்லை. அவ்வாறு படிப்பவர்களுள் ஓர் இளைஞர் ஆங்கில இதழில் தம்மைக் கன்னி ராசியினராகவும், தமிழ் இதழில் கும்ப ராசியினராகவும் காண்கிறார் எனக் கொள்வோம். ஒன்று வெற்றி என்கிறது, மற்றொன்று பொறுமை என்கிறது. இதைக் கண்டு சோதிடமே பொய் என்று நகைப்பவர் உண்டு. நாளிதழ்ப் பலன்தான் பொய், சொந்த ஜாதகம் பொய்க்காது என்று பதில் சொல்பவரும் உண்டு. இவ்விரு கூற்றுகளும் கல்வி வளாகங்களில் அன்றாடம் கேட்பவையே. இரண்டுமே அவசரமானவை. இந்த வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது என்பதை இருதரப்பாரும் பார்ப்பதில்லை.

முதற்குழப்பம் சொல்லில் உள்ளது. ‘ராசி’ என்ற ஒரே சொல் தமிழில் இன்று மூன்று வெவ்வேறு பொருள்களைச் சுமக்கிறது. ஆங்கில இதழின் பலன்பகுதி தமிழாக்கப்படும்போது, பிறந்தநாளைக் கொண்டு அறியப்படும் சூரிய ராசி ‘ராசி’ எனப்படுகிறது. தமிழ்நாட்டு வழக்கில் ‘உனக்கு என்ன ராசி’ என்று கேட்டால், பிறந்த வேளையில் சந்திரன் நின்ற ராசியே விடை. சோதிடர் பலகையின் முன் அமர்ந்தாலோ, அவர் முதலில் தேடுவது லக்னத்தை. அதுவும் ஒரு ராசியே. பன்னிரண்டு பெயர்கள் மூன்று பட்டியல்களுக்கும் பொதுவாக இருப்பதால், ஒன்றை மற்றொன்றாகப் பிழைபடக் கொள்வது எளிதாகிறது. பெயர்கள் வேறாக இருந்திருந்தால் இத்தனை வாதங்கள் எழுந்திரா.

சூரிய ராசிப் பலன் நாளிதழுக்குள் வந்த வரலாறு இங்குப் பயன்படும். 1930 ஆகஸ்டு 21 அன்று இங்கிலாந்தின் இளவரசி மார்கரெட் பிறந்தார். அதை ஒட்டி லண்டனின் சண்டே எக்ஸ்பிரஸ் இதழ் ஆர். எச். நெய்லர் என்னும் சோதிடரைக் கொண்டு அக்குழந்தையின் ஜாதகத்தைக் கணித்து, மூன்று நாட்களுக்குப் பின் வெளியிட்டது. அது ஒரு தனியாளின் ஜாதகம். பிறந்த நாள், வேளை, இடம் யாவும் தெரிந்து கணிக்கப்பட்டது. வாசகர் வரவேற்பைக் கண்ட இதழ் நெய்லரைத் தொடர்ந்து எழுதச் செய்தது. அப்போது ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. இலட்சக்கணக்கான வாசகரின் பிறந்த வேளையை இதழ் கேட்டறிய முடியாது. எல்லோருக்கும் தெரிந்த ஒரே செய்தி பிறந்த தேதி. அந்தத் தேதியைக் கொண்டு ஆண்டு எதுவென்றும் கேளாமல் அறியக்கூடிய ஒரே கோள்நிலை சூரியனுடையது. ஏனெனில் சூரியன் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே தேதியில் அதே இடத்திற்குத் திரும்புகிறது. 1930கள் முடிவதற்குள் பன்னிரண்டு பத்திகள் கொண்ட இன்றைய வடிவம் நிலைபெற்றுவிட்டது. ஆக, சூரியன் அந்தப் பத்தியின் தலைமையைப் பெற்றதற்குச் சோதிட நூல்களைக் காட்டிலும் அச்சுக்கூடத்தின் தேவையே பெரிய காரணம்.

அப்பத்தியின் கணக்குமுறை எளியது. வாசகரின் சூரிய ராசியை முதல் வீடாக வைத்து, அன்றைய வானில் கோள்கள் அங்கிருந்து எத்தனையாவது வீட்டில் உள்ளன என்று எண்ணுவார்கள். ஏழாம் வீட்டில் ஒரு கோள் வந்தால் துணைவர், கூட்டாளி பற்றிய வாக்கியம். பத்தாம் வீட்டில் வந்தால் தொழில் பற்றிய வாக்கியம். தமிழ் நாளிதழின் ராசிபலனும் அமைப்பில் இதையே செய்கிறது. ஆனால் முதல் வீடாக அது சந்திரன் நின்ற ராசியை வைக்கிறது. இதற்குக் கோசாரப் பலன் என்று பெயர். சந்திரன் ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டே கால் நாள் மட்டுமே தங்குவதால், தமிழ் வாசகர் தம் ராசியைப் பிறந்த தேதியிலிருந்து ஊகிக்க முடியாது. ஆண்டும் வேளையும் கொண்டு யாரோ ஒருமுறை கணித்துச் சொல்லியிருக்க வேண்டும். தமிழ் இதழ் அந்த அறிவைக் குடும்பங்கள் ஏற்கெனவே வைத்திருக்கின்றன என்று கருதிக்கொள்கிறது. ஆங்கில இதழால் அவ்வாறு கருத இயலாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அதை அறியத் தமிழ் நாட்காட்டி ஒன்றே போதும். ஆங்கில இதழில் மேஷம் மார்ச் 21 அளவில் தொடங்குகிறது. சூரியன் மேஷத்தில் நுழையும் நாளான சித்திரை முதல் நாளோ ஏப்ரல் 14 அளவில் வருகிறது. மேலைமுறை, பகலும் இரவும் சமமாகும் வசந்தப் புள்ளியிலிருந்து வான வட்டத்தை எண்ணுகிறது. இந்தியமுறை, விண்மீன்களை ஒட்டி நிலையாக வைக்கப்பட்ட ஒரு புள்ளியிலிருந்து எண்ணுகிறது. இரண்டிற்கும் இன்றுள்ள இடைவெளி ஏறத்தாழ 24 பாகை. அதற்கு அயனாம்சம் என்று பெயர். ஒரு ராசி 30 பாகை என்பதால், ஐந்தில் நான்கு பங்கினருக்கு ஆங்கில இதழின் சூரிய ராசி, தமிழ் மாதம் காட்டும் சூரிய ராசிக்கு அடுத்ததாக இருக்கும்.

இனி ஒரு பிறப்பை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். 2007 ஆகஸ்டு 28 முழுச் சந்திர கிரகணம் நேர்ந்த பௌர்ணமி நாள். கிரகணப் பௌர்ணமியில் சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும் என்பதால், யாரும் எளிதில் சரிபார்க்கக்கூடிய நாள் அது. அன்று கோலார் தங்கவயலில் இரு குழந்தைகள் பிறந்தன என்று வைத்துக்கொள்வோம்: ஒன்று முற்பகல் 11 மணிக்கு, மற்றொன்று மாலை 5 மணிக்கு. மேலைமுறைப்படி சூரியன் கன்னியில் 4 பாகை கடந்து நின்றது. ஆங்கில இதழுக்கு இருவரும் கன்னி. இந்தியமுறைப்படி அதே சூரியன் சிம்மத்தில் 10 பாகை கடந்து நின்றது, மாதம் ஆவணி. சந்திரன் அதற்கு எதிரே கும்பத்தில், சதய நட்சத்திரத்தில் இருந்தது. தமிழ் இதழுக்கு இருவரும் கும்பம். இதுவரை இருவரையும் பிரித்தறிய எந்த நாளிதழாலும் முடியாது.

லக்னம் என்பது பிறந்த கணத்தில் கீழ்வானில் உதித்துக்கொண்டிருந்த ராசி. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் ஒரு நாளில் பன்னிரண்டு ராசிகளும் உதித்துவிடுகின்றன. ஒரு ராசி உதிக்கச் சராசரியாக இரண்டு மணி நேரம். தங்கவயலின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு கணித்தால், முற்பகல் 11 மணிக்குத் துலாமும் மாலை 5 மணிக்கு மகரமும் லக்னமாக வருகின்றன. முதற்குழந்தைக்குச் சூரியன் பதினோராம் வீட்டிலும் சந்திரன் ஐந்தாம் வீட்டிலும் அமைய, இரண்டாம் குழந்தைக்கு அதே சூரியன் எட்டிலும் அதே சந்திரன் இரண்டிலும் அமைகின்றன. கோள்கள் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கின்றன. எண்ணத் தொடங்கும் இடம் மாறியதால் பொருள் முழுதும் மாறுகிறது.

இதனினும் பெரிய வேறுபாடு தசையில் உள்ளது. விம்சோத்தரி முறையில் ஒரு வாழ்நாள் 120 ஆண்டுகளாகக் கொள்ளப்பட்டு ஒன்பது கோள்களுக்குப் பகிரப்படுகிறது. பிறந்த நட்சத்திரமே முதல் தசையைத் தருகிறது. சதயத்திற்கு அது ராகு தசை, 18 ஆண்டு. ஆனால் அந்த 18 ஆண்டும் கிடைப்பதில்லை. நட்சத்திரத்தின் அளவான 13 பாகை 20 கலையில் சந்திரன் எவ்வளவு கடந்துவிட்டதோ அந்த விகிதம் கழிக்கப்படுகிறது. அன்று சந்திரன் சற்று விரைவாக ஓடிக்கொண்டிருந்தது; ஒரு மணி நேரத் தாமதம் தசையில் ஏறத்தாழப் பத்து மாதத்தைக் குறைத்தது. முற்பகல் குழந்தைக்கு ராகு தசை இருப்பு சுமார் பதினாறரை ஆண்டு. மாலைக் குழந்தைக்கு 11 ஆண்டு 8 மாதம் அளவு. ஆகவே இரண்டாமவருக்கு 2019இன் முற்பகுதியிலேயே குரு தசை தொடங்கிவிட, முதலாமவர் 2024இன் தொடக்கம்வரை ராகு தசையில் இருக்கிறார். ஆறு மணி நேரம் ஐந்தாண்டு ஆகிவிட்டது.

இப்போது 2023 மே மாதத்தில் இருவருக்கும் என்ன பலன் சொல்லப்பட்டிருக்கும்? சனி என்ற ஒரு கோளை மட்டும் பார்ப்போம். மேலைமுறையில் அது மீனத்தில் இருந்தது. கன்னிக்கு ஏழாம் இடம். ஆங்கிலப் பத்தி உறவுகளில் பொறுமை வேண்டும் என்ற பொருளில் எழுத இடமுண்டு. திருக்கணிதப்படி அதே சனி 2023 ஜனவரி 17 முதல் கும்பத்தில் இருந்தது. கும்ப ராசியினர் அனைவருக்கும் ஜென்மச் சனி, ஏழரையின் நடுக்கூறு. தமிழ் இதழ் அச்சமூட்டும் இடம் இது. ஆனால் ஜாதகத்தைக் கையில் வைத்திருக்கும் சோதிடர், கும்பம் சனியின் சொந்த வீடு என்பதையும், துலா லக்னத்தாருக்குச் சனி நான்காம் ஐந்தாம் வீடுகளுக்கு உரியதாய் நன்மை செய்யும் கோளாக மதிக்கப்படுவதையும், மகர லக்னத்தாருக்கு அதுவே லக்ன அதிபதி என்பதையும் எடுத்துக்காட்டி, ‘ஏழரை என்றாலும் அஞ்சவேண்டாம்’ என்பார். அடுத்து நடப்புத் தசையைப் பார்ப்பார். சோதிட மரபில் தசையே முதன்மை. கோசாரம் அதற்குத் துணை. தசை தராததைக் கோசாரம் தராது என்பது அத்தொழிலில் பொதுவான துணிபு. நாளிதழ், அந்தத் துணையை மட்டும் தனியே எடுத்து அச்சிடுகிறது. ஆகவே அதைச் சொந்த ஜாதகப் பலனின் சுருக்கம் என்று கருதுவது தவறு. சுருக்கத்தில் மூலத்தின் தலைமைக் கருத்து இருக்கவேண்டும். இதில் அதுவே விடுபட்டிருக்கிறது.

மொழிநடையிலும் இது தெரியும். ராசிபலன் வாக்கியங்களில் எழுவாய் பெரும்பாலும் மறைந்தே இருக்கும்: ‘எதிர்பாராத வரவு உண்டு’, ‘உடல்நலத்தில் கவனம் தேவை’. யாருடைய வரவு, எவ்வளவு, எப்போது என்பவை வாசகரால் நிரப்பப்பட வேண்டிய இடங்கள். மக்கள்தொகையில் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஒரே வாக்கியத்தால் விளிக்கும் உரைக்கு வேறு வழியுமில்லை. 1948இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரே குணவிவரணையைக் கொடுத்து, அது அவரவர்க்கென எழுதப்பட்டது என்று நம்பச்செய்தார். ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் அதற்குக் கிடைத்தது. அவ்விவரணையின் வாக்கியங்களுள் பெரும்பாலானவை கடைகளில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

இங்கேதான் சொந்த ஜாதகத்தின் ஆதரவாளர் தம் வழக்கை வென்றதாகக் கருதுகிறார். தனித்தன்மை கூடியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் தனித்தன்மை கூடக்கூட உள்ளீட்டின் சிறு பிழைக்கும் விலை கூடுகிறது என்பதை அவர் சொல்வதில்லை. இந்தியப் பிறப்புச் சான்றிதழில் தேதியும் இடமும் உண்டு; வேளை இராது. வேளைக்கு மருத்துவமனைக் குறிப்பையோ குடும்பத்தின் நினைவையோ நம்பவேண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம் என்ற அளவில் நினைவு வைத்திருக்கும் வீட்டில், அரை மணி நேரப் பிழை எளிதில் நேரும். தங்கவயலின் தலநேரம் இந்தியத் திட்ட நேரத்திற்கு ஏறத்தாழ 17 நிமிடம் பின்தங்கியது. உள்ளூர்ச் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிக் குறித்த பழைய ஜாதகத்தைக் கடிகார நேரமாக மாற்றுகையில் இதை மறந்தால், லக்னம் நான்கு பாகை நகர்ந்துவிடும். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுவரை போர்க்காலமாதலின் இந்தியா முழுதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அக்காலத்தில் பிறந்த முதியோரின் ஜாதகங்களில் லக்னம் மாறிக்கிடந்தால் அங்கே காரணத்தைத் தேடலாம்.

வேளை சரியாக இருந்தாலும் கருத்தொற்றுமை இல்லை. மேக்நாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் பரிந்துரைத்த அயனாம்சமே இன்று பரவலாக வழங்குகிறது. பெங்களூரில் பல்லாண்டு சோதிட இதழ் நடத்திய பி. வி. ராமன் கைக்கொண்ட அயனாம்சமோ அதனினும் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை குறைவு. அதைக் கொண்டால், மேற்கண்ட இரு குழந்தைகளின் ராகு தசையும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்னதாகவே முடிந்துவிடும். சனி விஷயத்திலும் அவ்வாறே: வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் சனி கும்பத்திற்குப் பெயர்ந்தது 2023 டிசம்பர் 20 அன்றுதான். அதன்படி 2023 மே மாதத்தில் கும்ப ராசிக்கு நடந்தது ஜென்மச் சனியே அன்று. பன்னிரண்டாம் இட விரயச் சனி. வானில் நின்ற சனி ஒன்று, அதன் பேரால் எழுதப்பட்ட வாக்கியங்கள் பல.

ஜாதகம் சோதனைக்கு உட்படுத்தப்பட்டதும் உண்டு. ஜெயந்த் நார்லிகர், நரேந்திர தாபோல்கர் உள்ளிட்டோர் மகாராட்டிரத்தில் நடத்திய ஆய்வில், படிப்பில் சிறந்த குழந்தைகள் நூறு பேர், அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகள் நூறு பேர் ஆகியோரின் பிறப்பு விவரங்கள் திரட்டப்பட்டு ஜாதகங்கள் கணிக்கப்பட்டன. ஒவ்வொரு சோதிடருக்கும் 40 ஜாதகம் தரப்பட்டு, எது எவ்வகையினருடையது என்று கேட்கப்பட்டது. விடை அனுப்பிய 27 பேரின் சராசரி வெற்றி 46 விழுக்காடு. நாணயம் சுண்டினால் 50 கிடைத்திருக்கும். 2009இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளியான அக்கட்டுரை நாளிதழ்ப் பத்தியைத் தொடவேயில்லை. முழு ஜாதகத்தையே அது எடுத்துக்கொண்டது. சோதிடர் தாமே தமதென ஒப்புக்கொள்ளும் பொருளைச் சோதித்தமையால்தான் அவ்வாய்விற்கு மதிப்பு. ராசிபலனின் முரண்களை அடுக்கிச் சோதிடத்தை வீழ்த்திவிட்டதாக எழுதும் ஆய்வேடுகள், எதிர்த்தரப்பு என்றும் காத்து நிற்காத ஒரு கோட்டையைப் பிடித்துவிட்டுத் திரும்புகின்றன.

விளைவு என்று பார்த்தால், நாளிதழ்ப் பலன் பெரும்பாலும் தீங்கற்றது. ரயில் பையப்பனஹள்ளியை எட்டுவதற்குள் அது மறக்கப்பட்டுவிடும். சொந்த ஜாதகத்தின் வாக்கியத்திலோ எழுவாயும் உண்டு, தேதியும் உண்டு. ‘உமக்கு 2024 தொடக்கம்வரை ராகு தசை, அதன்பிறகே நிலையான வேலை’ என்ற சொல்லைக் கேட்கும் துலா லக்னத்து இளைஞர், கிடைத்த வேலையை மறுக்கலாம், வந்த வரனைத் தள்ளிப்போடலாம். அந்தத் தேதியோ, பிறந்த வேளையில் அரை மணி நேரம் பிசகினால் ஐந்து மாதமும், அயனாம்சத்தை மாற்றினால் இரண்டு ஆண்டும் நகரக்கூடியது. சோதிடர் முன் அமர்பவர் எந்தப் பஞ்சாங்கம், எந்த அயனாம்சம், வேளையைக் குறித்தவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவைக்கலாம். விடைகள் வேறுபடும்போது தசைமுடிவு எத்தனை மாதம் நகர்கிறது என்பதையும் அவரையே கணித்துக் காட்டச் சொல்லலாம். கணினி நிரலில் அதற்குச் சில நிமிடங்களே பிடிக்கும்.